பராத்தா கிழிவது கல்லிலா, பலகையிலா?

டில்லியிலிருந்து அம்பாலா போகும் நெடுஞ்சாலையில், ஹரியாணாவின் முர்தலில் ஆலு பராத்தாவுக்காகவே வண்டிகள் நிற்கும். அங்கே பெயர்பெற்றது தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுவது. பழைய டில்லியின் பராத்தா சந்திலோ நெய்யில் பொரித்தெடுக்கிறார்கள். நான் பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி: பஞ்சாப் பக்கத்துச் சாலையோர தாபாக்களில், கனத்த இரும்புக் கல்லில் நெய் தடவிச் சுடுவது. அங்கே ஒருவர் தேய்ப்பார், இன்னொருவர் கல்லைப் பார்த்துக்கொள்வார். பராத்தா கிழிந்து கிழங்கு கல்லில் கருகினால் பழி கல்லடியில் நிற்பவர் மேல்தான் விழும். அந்தப் பழியில் பெரும்பங்கு நியாயமில்லை என்பது என் கட்சி. கல்லில் வெளிப்படும் கிழிசல் பெரும்பாலும் பலகையிலேயே உண்டாகிவிடுகிறது.

சான்று கிழியும் இடத்திலேயே இருக்கிறது. நடுவில் கிழிந்தால் தேய்த்தவர் நடுவிலேயே அழுத்தியிருக்கிறார். ஊசித்துளைபோல் அங்கங்கே பொத்துக்கொண்டால் பூரணத்தில் கிழங்குக் கட்டியோ கொத்தமல்லித் தண்டோ நின்றிருக்கிறது. தேய்க்கும்போதே மாவு ஈரமாகிப் பலகையில் ஒட்டினால், பூரணம் நீர் விட்டுவிட்டது என்று பொருள். வெங்காயம் சேர்த்த பூரணத்தில் உப்பை முன்கூட்டியே போட்டால் இப்படித்தான் ஆகும். தேர்ந்தவர்கள் கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவைத்து, நன்றாக ஆறவிட்டுத் துருவுகிறார்கள். உப்பு கடைசி நேரத்தில்தான். சூடான பூரணத்தை வைத்து மூடினால் அதன் ஆவி உள்ளே நீராக மாறி மாவை இளக்கிவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். 70 கிராம் மாவு உருண்டைக்குள் 70 கிராம் பூரணம் வைத்து 19 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்தால் மொத்தக் கனம் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிற்கும். அதில் பாதி பூரணம். மேலும் கீழும் மிஞ்சும் மாவு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய தோல் எங்கும் ஒரே சீராக இருந்தால் தாங்கும். ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் ஆனால் தாங்காது. இதற்காகத்தான் முதலில் தேய்க்கும் சிறு வட்டத்தை நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் விடுகிறார்கள். ஓரங்களை மேலே கூட்டிக் கொசுவி மூடும்போது அந்த மெல்லிய மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவின் கனத்துக்குச் சமமாகின்றன. முடிச்சில் மிஞ்சிய மாவைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூரிக்கட்டையை எடுக்குமுன் விரல்களால் நடுவிலிருந்து ஓரம்வரை தட்டிப் பூரணத்தைப் பரப்புவார்கள். மாவு காதுமடல் பதத்துக்கு இளகி, அரைமணி நேரம் ஊறியிருக்க வேண்டும். விறைத்த மாவு கட்டைக்கு இழுபடாமல் விரிசல் விடும்.

மாவைத் தடிப்பாக வைத்தால் தீர்ந்ததே என்பவர்கள் உண்டு. கிழியாது, உண்மைதான். ஆனால் தடித்த மாவு வேக நேரமெடுக்கும். உள்ளே மாவு வேகுமுன் வெளியே காய்ந்து வறட்டியாகிவிடும். அதைத் தின்பவருக்குக் கிழங்கு இருப்பதே தெரியாது.

இன்னொரு வாதம் வலுவானது: நன்றாகத் தேய்த்ததும் சில நேரம் கிழிகிறதே, அப்போது கல்லுக்குப் பங்கில்லையா? உண்டு. தீ மந்தமானால் மாவு இறுகத் தாமதமாகும். அதற்குள் பூரணத்தின் ஈரம் மாவில் ஊறிவிடும். திருப்பும்போது பராத்தா கல்லோடு ஒட்டிக் கிழியும். தீ மிஞ்சினால் மேல்தோல் விறைத்துப் புள்ளி புள்ளியாகக் கருகும். உள்ளே திரண்ட ஆவி இளகிய இடம் தேடி ஓரத்தைப் பிளக்கும். கல்லில் ஒரு சிட்டிகை மாவு தூவிப் பார்ப்பது எளிய சோதனை: பத்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் சூடு சரி, விழுந்ததும் கருகினால் தணிக்க வேண்டும். முதல் பக்கம் சுமார் அரை நிமிடம், நிறம் மாறிச் சிறு கொப்புளங்கள் எழும்வரை, நெய்யில்லாமல். திருப்பி, மறுபக்கம் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை முக்கால் நிமிடம். இரண்டு தோலும் இறுகிய பிறகே நெய். அதற்கப்புறம் பக்கத்துக்கு அரை நிமிடம், கரண்டியால் ஓரங்களை மெல்ல அழுத்தியபடி. பராத்தா உப்பினால் பதற வேண்டாம். ஆவி வெளியேற வழியில்லாமல் தோல் முழுதாக இருப்பதற்கு அதுவே அடையாளம். உப்பிய நடுவைக் குத்தி அமுக்குவதுதான் கெடுதல்.

ஆக, கல்லுக்குள்ள பங்கு நல்ல பராத்தாவைக் கெடுக்காமலிருப்பது மட்டும். பலகையில் மெலிந்துபோன இடத்தை எந்தத் தீயாலும் சரிசெய்ய முடியாது. வீட்டில் முதல் பராத்தா கிழிந்தால் அடுப்பைத் திருகாதீர்கள். அடுத்ததைக் கல்லில் போடுமுன் பலகையில் விரல்நுனியால் தடவி, எங்கே கிழங்கு தட்டுப்படுகிறது என்று பாருங்கள்.