விதிவிலக்கு மாதங்களின் கணக்கு

ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் தமிழ் மாணவி ஒருவர், ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு புதிய வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்குவார். பதினான்கு தலைப்புகள் கொண்ட விரிதாள் அது. தேநீருக்கு ஒரு வரி, ஒளிநகலுக்கு ஒரு வரி, ஆட்டோவுக்கு ஒரு வரி. மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்திற்குமேல் அதில் ஒரு பதிவும் இராது. தமக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்றே அவர் கருதிவந்தார். அந்தக் கருத்து பிழையானது. பிழை விரிதாளின் அமைப்பில் இருந்தது.

இளநிலை ஆய்வு உதவித்தொகையாக அவருக்குக் கிடைப்பது மாதம் 37,000 ரூபாய். வீட்டிற்கு அனுப்புவது, விடுதி, உணவகம், கைப்பேசி ஆகியவை போக எஞ்சுவது 18,500. அதில் அன்றாடச் செலவுக்கு 13,500, சேமிப்புக்கு 5,000 என்று அவர் வகுத்திருந்தார். தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சேமிப்பு ஒருபோதும் சேரவில்லை.

ஒருநாள் கடந்த பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை எடுத்துவைத்து, மாதந்தோறும் வராத செலவுகளை மட்டும் அவர் அடிக்கோடிட்டார். ஊருக்குப் போய்வந்த மூன்று பயணங்கள், இரு பருவக் கட்டணங்கள், ஆதிலாபாத் கள ஆய்வு, ஒரு கருத்தரங்கு, உறவினர் திருமணங்கள், மூக்குக் கண்ணாடியும் பல் மருத்துவமும், மடிக்கணினிப் பழுது. கூட்டுத்தொகை 84,000, மாதத்திற்கு 7,000. ஆக, சேமிப்பு என்று அவர் எழுதிவைத்த 5,000 உண்மையில் 2,000 ரூபாய்ப் பற்றாக்குறையின் மறுபெயர்.

இந்த மயக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. அபிகெயில் சஸ்மன், ஆடம் ஆல்ட்டர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதையே பேசுகிறது. அரிதாக வரும் செலவு ஒவ்வொன்றையும் மனிதர்கள் தனித்த ஒன்றாகவே எண்ணுகிறார்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. அக்காள் மகளின் திருமணம் மீண்டும் வராதுதான். ஆனால் ஏதோவொரு திருமணம் வரும்.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. கள ஆய்வின்போது செலவு மிகுதி. பதிவு செய்ய நேரமோ மிகக் குறைவு. பதினொரு நாள் விட்டுப்போனால், கைக்காசாகக் கொடுத்தவற்றை எவராலும் நினைவுகூர இயலாது. தாளில் ஓட்டை விழுந்தபின் அதை நம்ப முடியாது. நம்ப முடியாததை யாரும் திறப்பதில்லை. நாள்தோறும் உழைப்பைக் கேட்கும் திட்டம், நெருக்கடியான மாதத்தில்தான் முதலில் உடையும்.

எனவே அவர் பதிவு செய்வதையே கைவிட்டார். உதவித்தொகை வந்த அன்றே நிலையான செலவுகளும், வேறொரு கணக்கிற்கு 7,000 ரூபாயும் சென்றுவிடும். எஞ்சிய 11,500இலிருந்து வாரத்திற்கு 2,500 மட்டும், யுபிஐ இணைத்த மூன்றாவது கணக்கிற்கு ஞாயிறுதோறும் தானே மாறும். தேநீரா ஆட்டோவா என்று பிரிப்பதில்லை. மீதி எவ்வளவு என்று பார்த்தால் போதும். ஓராண்டின் 52 வாரங்களுக்கு 1,30,000 ஆகும், ஒதுக்கீடோ 1,38,000. இடைவெளியான 8,000 கவனக்குறைவுகளுக்கு உரியது. தலைப்புவாரியான விவரம் இழக்கப்படுவது மெய்தான். அவ்விவரத்தை அவர் இதுவரை எதற்கும் பயன்படுத்தியதில்லை என்பதும் மெய்.

ஆனால் சராசரி மட்டும் போதாது. செலவுகள் சராசரியாக வருவதில்லை. ஜனவரியில் பொங்கல் பயணமும் பருவக் கட்டணமும் 11,000; மார்ச்சுக்குள் கள ஆய்வும் திருமணமும் 28,000. மூன்று மாதத்தில் தனிக்கணக்கில் சேர்வது 21,000, வெளியேறுவது 39,000. இந்த 18,000 ரூபாய்ப் பள்ளத்தை முதலிலேயே நிரப்பாவிட்டால் புதிய திட்டமும் மார்ச்சிலேயே விழும். நல்வாய்ப்பாக அவருக்கு ஒரு நிலுவைத் தொகை வந்தது. அதிலிருந்து விதைப்பணம் வைத்தார். அது வராதிருந்தால், செலவுகள் குறைவான மாதத்தில் தொடங்குவதே வழி. கள ஆய்வுக்காக நிறுவனம் திருப்பித் தரும் பணமும் தனிக்கணக்கிற்கே திரும்பவேண்டும்; அன்றாடக் கணக்கில் விழுந்தால் அது எதிர்பாராத வரவுபோலத் தோன்றிக் கரைந்துவிடும்.

உதவித்தொகை ஒரு மாதம் தாமதமானால் தனிக்கணக்கிலிருந்து வாரப்பணத்தைக் கடனாக எடுக்கலாம். தொகை வந்ததும் முதலில் அந்தக் கடனே அடைக்கப்படவேண்டும். நான்கு மாதம் தாமதமானால் எந்த வடிவமைப்பும் தாங்காது. அது வரவு தொடர்பான சிக்கல். அதற்குரிய விண்ணப்பம் வேறு மேசைக்குப் போகவேண்டியது.

இப்போது அவருடைய விரிதாளில் இருப்பது ஒரே பக்கம். பன்னிரண்டு மாதங்கள், ஒவ்வொன்றிலும் வரவிருக்கும் விதிவிலக்குகள், அவற்றின் தொகை. அக்டோபருக்கு எதிரே தீபாவளிப் பயணம் என்றும், அதன் கீழே, பெயர் குறிப்பிடாமல், ஒரு திருமணம் என்றும் எழுதியிருக்கிறார்.