ஆறாவது அங்குலத்தில் ஒரு தட்டு

வாடிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர். பேரணையில் பிரியும் பெரியாறு வாய்க்கால் தண்ணீரில் பல தலைமுறையாக நெல் விளைந்த செவ்வல். நிலத்துக்காரர் அண்ணன் அதை மல்லிகைக்கு மாற்ற முடிவு செய்திருந்தார். போன வருஷம் சோதனையாகப் பத்து சென்டில் நட்ட செடிகள் ஐப்பசி மழைக்குப் பிறகு வெளுத்துவிட்டன. குழிக்குள் தண்ணீர் மூன்று நாள் அப்படியே நின்றதாம். "அடிமண்ணு இறுகிப்போச்சு தம்பி, உளிக்கலப்பை விட்டு ஓட்டிரலாம்னு இருக்கேன்" என்றார். நான் போனது சித்திரையில். வயல் காய்ந்து கிடந்தது. பெனிட்ரோமீட்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு முறை நன்றாகப் பாய்ச்சச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் காய்ந்த செவ்வலில் கம்பியைக் குத்தினால் நல்ல மண்ணும் கல்லாகத்தான் தெரியும். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே அப்படி ஏமாந்திருக்கிறேன். கோடையில் ஒருவர் வயலில் குத்திப் பார்த்து, முள் சிவப்பைத் தாண்டியதும் ஆழ உழவுக்குச் சொல்லிவிட்டேன். மழைக்குப் பிறகு உழாத ஓரத்தில் அதே கம்பி வெண்ணெயில் போவது போல இறங்கியது. அந்த மனிதருக்கு டீசல் செலவுதான் மிச்சம். ஆகவே மண் முழுக்க நனைந்து, மிதமிஞ்சிய நீர் வடிந்த பிறகுதான் குத்த வேண்டும். செவ்வலுக்கு இரண்டு நாள் போதும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். சேறாக இருக்கும்போதே குத்தினால் தவறு எதிர்ப்பக்கம் போகும். இருக்கிற தட்டைக்கூடக் கம்பி காட்டாது.

கருவி எளிமையானது. மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு போட்ட கம்பி, நுனியில் 30 பாகைக் கூம்பு, கைப்பிடிக்குக் கீழே வட்ட மானி. கூம்பு இரண்டு கொடுப்பார்கள், சிறியது அரை அங்குலம், பெரியது முக்கால் அங்குலம். மானியில் இரண்டுக்கும் தனித்தனி அளவுக்கோடு உண்டு. பெரிய கூம்பை மாட்டிவிட்டுச் சிறியதன் கோட்டைப் படித்தால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் எகிறிவிடும். நான் பார்ப்பது 300 பிஎஸ்ஐ. ஏறக்குறைய அந்த அழுத்தத்தில் பெரும்பாலான பயிர்களின் வேர் கீழே போவதை நிறுத்திக்கொள்கிறது. கம்பி வேர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. வேர் வளைந்து, விரிசலிலும் மண்புழு வழியிலும் நுழையும். கம்பிக்கு அது தெரியாது.

இரண்டு நாள் கழித்து, மூலைக்கு மூலை நடந்து இருபது இடத்தில் குத்தினேன். உடம்பு எடையைத் திடீரென்று போடாமல், நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் அமுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஆழம் குறித்தேன். முள் 300-ஐத் தாண்டும் ஆழம் ஒன்று, மறுபடி அதற்குக் கீழே இறங்கும் ஆழம் இன்னொன்று. பதினைந்து இடத்தில் ஒரே கதைதான். ஐந்து அங்குலம் வரை 120, 150 என்று சும்மா போகும் கம்பி, ஆறில் முட்டி நின்று முள்ளை 350-க்கு ஏற்றும். பதினோராவது அங்குலம் தாண்டியதும் கைக்கே தெரியும்படி தொபுக்கென்று விடும். வடக்கோரத்து ஐந்து இடத்தில் மட்டும் தட்டே இல்லை. முன்னொரு காலத்தில் வாய்க்கால் உடைந்து மணல் படிந்த இடம் அது என்று அண்ணன் சொன்னார்.

அறுவடை இயந்திரம் ஏறிய தடத்தில் தனியாகக் குத்தியதில் முதல் மூன்று அங்குலத்திலேயே 300 வந்தது. இது மேல்மண் இறுக்கம். ஈரத்தில் சக்கரம் அமுக்கிய வேலை. இதற்கு ஆழ உழவு தேவையில்லை. பதமாக இருக்கும்போது ஒன்பது கொழுக் கலப்பையை இரண்டு சால் ஓட்டினால் தீர்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் குழப்பம்தான்.

இருபதில் பதினைந்து. பாதிக்கு மேல் இடங்களில் தட்டு இருந்தால்தான் ஆழ உழவைப் பற்றி நான் யோசிப்பேன். அப்போதும் கம்பியை மட்டும் நம்பி முடிவு சொல்வதில்லை. மண்வெட்டியால் ஒன்றரை அடிக் குழி வெட்டி, அதன் சுவரைக் கத்தி நுனியால் மேலிருந்து கீழே கிளறிக்கொண்டே வந்தேன். ஆறு அங்குலத்தில் கத்தி வழுக்கியது. மண் உதிராமல் தோசைத் துண்டு போல அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் பெயர்ந்தது. அதன் தலையில் பழைய நெல் வேர்கள் பாய் விரித்த மாதிரி படுத்திருந்தன, உள்ளே ஒன்றுகூடப் போகவில்லை. வருஷா வருஷம் தொளி உழவு கட்டிய தட்டு இது, சந்தேகமில்லை.

குழி வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கரிசல் காடு எனக்குப் பாடம். அங்கே பதினான்கு அங்குலத்தில் ஏறிய முள் கடைசிவரை இறங்கவே இல்லை. வெட்டிப் பார்த்தால் சுக்கான்கல். அது இறுக்கமில்லை, நிலத்தின் எலும்பு. கலப்பையை விட்டிருந்தால் கொழு முறிந்திருக்கும். மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும் முள்தான் உழவுத் தட்டின் கையெழுத்து.

அளக்க ஈரம் வேண்டும், உடைக்கக் காய்ச்சல் வேண்டும். இது பலருக்குப் பிடிபடுவதில்லை. நனைந்த மண்ணில் உளிக்கலப்பை போனால் தட்டு நொறுங்காது. கத்தி புகுந்த சோப்பு மாதிரி ஒரு கீற்று விழும், அதன் இரண்டு சுவரும் வழவழவென்று மெழுகிப்போகும். ஆகவே இன்னொரு மாதம் காயவிட்டோம். ஆனியில் ஓர் அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். திரியாக நீண்டால் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

தட்டு பதினொன்றில் முடிகிறது என்பதால் கொழுவைப் பதின்மூன்றுக்கு வைத்தோம். வாடகை டிராக்டர்காரத் தம்பி ஒன்றரை அடி போகும் என்று பெருமையாகச் சொன்னார். தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு அங்குலமும் டீசல்தான், அதோடு கீழே நன்றாக இருக்கும் மண்ணையும் கலைக்கும். சாலுக்குச் சால் அரை மீட்டர், பிறகு குறுக்கே அதே இடைவெளி. வேளாண் பல்கலைக்கழகமும் இந்த இடைவெளியைத்தான் சொல்கிறது. மணல் படிந்த வடக்கோரத்தை விட்டுவிட்டோம். முதல் இரண்டு சால் ஓடியதும் நிறுத்தச் சொல்லி, குறுக்கே ஒரு குழி வெட்டினேன். இரண்டு சாலுக்கும் நடுவே தட்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிக்காமல் கோடு மட்டும் விழுந்திருந்தால் இடைவெளியைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது இன்னும் காயவிட்டிருக்க வேண்டும். அண்ணன் ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போட்டுச் செடி நட்டார்.

கார்த்திகையில் மழை ஓய்ந்த மூன்றாம் நாள் மறுபடி கம்பியோடு போனேன். உளி போன இடத்தில் 150. இரண்டு சாலுக்கு நடுவில் 220 முதல் 260 வரை. உரம் ஏற்றிய டிரெய்லர் போன தடத்தில் மட்டும் எட்டு அங்குலத்தில் மறுபடி 310. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த முறை வண்டி வடக்கு வரப்பை ஒட்டி மட்டும் வரட்டும், உள்ளே தலைச்சுமையாகக் கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டோம்.

அதற்குள் அடுத்த வயல்காரர் வந்துவிட்டார். "நம்ம வயலையும் ஒரு குத்து குத்திப் பாருங்க தம்பி." குத்தினேன். அதே ஆறு அங்குலம், அதே 350.

"அடுத்து என்ன போடப் போறீங்க மாமா?"

"என்னத்தப் போட, நெல்லுதான்."

"அப்ப இதத் தொடாதீங்க. வாய்க்கால் தண்ணி ஒங்க வயல்ல நிக்கிறதே இதுனாலதான்."