காசு குடுத்து ஆனை பாக்கப் போன கதை



போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மூன்று பேர் வாசலில் மறித்துக் கேட்டார்கள். "சபாரி போகலாம் எண்டு இருக்கிறம், எங்க போறது, எப்ப போறது?" நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. நாங்கள் ஒரு தடவை பிழையாகப் போய், இன்னொரு தடவை சரியாகப் போய் வந்தவர்கள். அந்த இரண்டையும் அப்படியே எழுதுகிறோம்.

முதல் தடவை போனது டிசெம்பர் லீவில். முகநூலில் மின்னேரியா யானைக் கூட்டத்தின் படம் ஒன்று பார்த்தோம். குளத்தங்கரை முழுக்க யானை. அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடித்து, மாங்குளம் ஏறி, வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை தாண்டி, மரதன்கடவலையில் திரும்பி ஹபரணைக்குப் போய்ச் சேர நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வழி முழுக்க மழை. ஜீப்பில் மூன்று மணித்தியாலம் சுற்றினோம். குளம் காட்டு விளிம்பு வரைக்கும் தளும்பி நின்றது. கண்டது தூரத்தில் பற்றைக்குள் இரண்டு யானையின் முதுகு, கொஞ்சம் எருமை, நனைந்த மயில்கள். சின்ன மகள் கடைசி வரைக்கும் "சிங்கம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அது எங்கள் பிழை.

திரும்பி வரும்போது உம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இதவிடக் கூட எங்கட வயலுக்கு வருமே."

பிறகுதான் விசயம் விளங்கியது. உண்மையில் நம்மூர்க்காரருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை, வவுனிக்குளத்தை நினைத்தால் போதும். மழைக்குக் குளம் நிறைந்து வான் பாயும் நாளில் அலைகரையில் மாடு நிற்காது, அங்கே நிற்க இடமே இல்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து, சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து இழுத்து, ஓகஸ்டில் குளம் அணைக்கட்டுப் பக்கம் ஒடுங்கிய பிறகு பாருங்கள். தண்ணீர் விலகிய ஈர மண்ணில் பச்சைப் புல் முளைக்கும். ஊரில் வேறெங்கும் பச்சை இல்லாத நேரத்தில் மாடு எல்லாம் அங்கேதான் நிற்கும்.

மின்னேரியாவிலும் அதுதான் நடக்கிறது, மாட்டுக்குப் பதில் யானை. மகாசேன் மன்னன் கட்டிய குளம் அது, ஆயிரத்தெழுநூறு வருசத்துப் பழசு. ஜூலையில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். சுற்றுக் காடுகளில் புல்லும் தண்ணீரும் வற்றிப் போன யானைகள் ஓகஸ்ட், செப்டெம்பரில் அந்தப் புல்வெளிக்குக் குட்டிகளோடு வந்து சேரும். நல்ல வருசத்தில் முந்நூறு வரைக்கும் வரும் என்பார்கள். ஒக்டோபர் கடைசியில் மழை விழுந்ததும் கலைந்து விடும். அதற்குப் பிறகு காடு முழுக்கச் சாப்பாடு இருக்கும்போது அவை குளத்துக்கு வரவேண்டிய அவசியம் என்ன?

ஆனால் நாட்காட்டியை மட்டும் பார்த்துப் போனாலும் ஏமாறலாம். மின்னேரியாவுக்குத் தண்ணீர் வருவது அம்பன் கங்கையிலிருந்து எலஹெர வாய்க்கால் வழியாக. அதே கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் கட்டி 2018இல் திறந்த பிறகு, கோடையிலும் கீழ்க் குளங்களுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. விவசாயிக்கு அது நல்லது. குளம் ஓகஸ்டிலும் நிறைந்து நின்றால் புல் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், யானை வராது. அப்படிப் போன வருசங்கள் இருக்கின்றன. ஆகவே, போவதற்கு இரண்டு நாளுக்கு முன்னர் ஜீப்காரரிடம் கேட்க வேண்டியது "ஆனை நிக்குதா?" என்பதல்ல. அதற்கு எல்லாரும் "ஓம், நிக்குது" என்றுதான் சொல்வார்கள். "குளத்தில தண்ணி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கு, புல்லு தெரியுதா?" என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் உங்களுக்கே விளங்கும்.

இரண்டாவது தடவை போனது ஓகஸ்ட் கடைசியில். இந்த முறை சாச்சாவையும் கூப்பிட்டோம். "காசு குடுத்து ஆனை பாக்கப் போறியளோ? அதுகள்தான் சும்மா வந்து என்ட நெல்லத் திண்டுட்டுப் போகுதே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதற்கு முந்திய காலபோகத்தில் அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒரு அலியன் இறங்கி, அவருடைய வயலில் பாதியை உழக்கிவிட்டுப் போயிருந்தது. வெடி கொளுத்தியும் அசையவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு யானை என்றால் இரவில் கேட்கும் வெடிச்சத்தமும், வெளியே போகாதே என்ற அதட்டலும்தான். கடைசியில் பேரப்பிள்ளைகள் பிடித்து இழுத்ததால் வந்தார்.

ஹபரணைப் பக்கம் மூன்று இடம் கிட்டக் கிட்ட இருக்கிறது: மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு. யானைக்கு மூன்றும் ஒரே வீடுதான், நடந்து மாறிக்கொண்டே இருக்கும். கவுடுல்லவும் குளம்தான். மின்னேரியாவில் தண்ணீர் கூட என்றால் அங்கே புல் இருக்கலாம். ஹுருலு மழைக்காலத்துக்கு நல்லது. டிசெம்பரில் நாங்கள் போயிருக்க வேண்டியது அங்கேதான் என்று இந்த ஜீப் சாரதி சிரித்துக்கொண்டே சொன்னார். ஜீப் பேசும்போதே, அன்றைக்கு எந்தப் பூங்காவில் யானை நிற்கிறதோ அங்கே போவதாகப் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணித்தியாலம், நுழைவுச்சீட்டு அந்தக் காசுக்குள் அடக்கமா என்பதையும் ஏறுவதற்கு முதலே கேளுங்கள். நம் நாட்டவருக்குச் சீட்டு பெரிய காசில்லை, அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். செலவு முழுக்க ஜீப்புக்குத்தான். ஆறு பேர் சேர்ந்தால் தாங்கும், இரண்டு பேராகப் போனால் கடிக்கும்.

அன்றைக்கு மின்னேரியாவில் தண்ணீர் கூட இருந்ததால் கவுடுல்லவுக்குப் போனோம். காலையில் போய்ப் பிரயோசனம் இல்லை. வெயில் தணிந்த பிறகுதான் கூட்டம் காட்டிலிருந்து வெளியே வரும். லுஹரையும் அஸரையும் பிரயாணத் தொழுகையாகச் சேர்த்துத் தொழுதுவிட்டு, இரண்டரைக்கு ஏறினோம். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, அதனால் சின்னப் பிள்ளைகளின் அலுவல்களையும் முதலே முடித்துவிடுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் முகம் சுருங்கத் தொடங்கியது, சாச்சா ஒரு பார்வை பார்த்தார். நாலு மணிக்குப் பிறகு மரங்களுக்கு இடையில் ஒன்று, பிறகு நாலு, பிறகு எண்ண முடியாமல். மூத்தவன் அறுபத்தெட்டு வரைக்கும் எண்ணி விட்டுவிட்டான். கொம்பன் ஒன்றுகூட இல்லை என்று அவனுக்குக் குறை. இங்கே ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம், கூட்டமாக வருபவை பெண்ணும் குட்டியும்.

ஒரு இடத்தில் எட்டு, பத்து ஜீப் சேர்ந்து ஒரு கூட்டத்தைச் சுற்றி வளைத்தது. பெரியவை குட்டிகளை நடுவில் விட்டு வட்டமாக நின்றன. ஒன்று காதை விரித்து, தலையை ஆட்டி, காலால் மண்ணைக் கிளறியது. அது வேடிக்கை காட்டுவதில்லை, "போ" என்று சொல்வது. அப்படிக் கண்டால் சாரதியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். வெட்கப்படத் தேவையில்லை, காசு கொடுத்தவர் நீங்கள்தான். எங்களிடம் அதைச் சொன்னது சாச்சா. "மெல்லப் பின்னுக்கு எடுங்க தம்பி, அது கோபத்தில நிக்குது." யானைக்கு முன்னால் இரவில் நின்றவருக்குத் தெரியாததா?

தள்ளிப் போய் நிறுத்தினோம். ஒரு குட்டி புல்லைப் பிடுங்கத் தெரியாமல் தும்பிக்கையால் அளைந்துகொண்டிருந்தது. சாச்சா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மின்னேரியாவில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று சாரதியிடம் விவரமாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப புல்லு மூடிப்போனா இதுகள் எங்க போகும்?" என்றார். சாரதி கையை நீட்டி வயல் பக்கம் காட்டினார்.

இனி சிறுத்தை கேட்பவர்களுக்கு. அதற்குக் குளப் பூங்கா சரிவராது, காட்டுப் பூங்கா வேண்டும். யால முதலாம் பிரிவில் பற்றையும் பாறையுமாக இருப்பதால் சிறுத்தை கண்ணில் படும் வாய்ப்புக் கூட, ஆனால் நம்மிடமிருந்து நாட்டின் மறு அந்தம், ஜீப் நெரிசலும் அதிகம். செப்டெம்பரில் வரட்சிக்கு மூடுவதும் வழக்கம், கேட்காமல் புறப்படாதீர்கள். நமக்குக் கிட்ட வில்பத்து. அனுராதபுரம் போய்ப் புத்தளம் வீதியில் இறங்கி, ஹுனுவிலகம வாசலால் உள்ளே போகலாம். ஆனால் அது 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடு, மரங்கள் உயரம், கூட்டம் குறைவு. சிறுத்தை பத்து யார் தூரத்தில் படுத்திருந்தாலும் தெரியாது. கோடையில் வில்லுகளின் கரையிலும், விடியற்காலையில் மணல் பாதையிலும்தான் வாய்ப்பு. ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும், ஆகவே முதல்நாள் இரவு அனுராதபுரத்தில் தங்க வேண்டும். பாதையில் புதுக் கால்தடம் இருந்தாலோ, மந்தி மரத்தில் நின்று கத்தினாலோ, புள்ளிமான் ஒரே திசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாலோ இயந்திரத்தை நிறுத்திக் கால் மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள். ஓடித் தேடுபவர்களைவிடப் பொறுத்து நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அப்படியும் கிடைக்காமல் வருபவர்கள் நிறைய. சிறுத்தை கண்டால்தான் காசு செரிக்கும் என்றால் போகாதீர்கள். மான், முதலை, வில்லுக் கரைப் பறவைகள் போதும் என்றால் போங்கள்.

கரடிக்கு மட்டும் ஒரு நேரம் உண்டு. நம் காட்டில் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலையில் வில்பத்திலும் பழுக்கும். கரடி பகலிலேயே பாலை மரத்தடிக்கு வரும், மரத்திலும் ஏறும்.

டிசெம்பர் லீவு மட்டும்தான் இருக்கிறது என்றால் யானையை விடுங்கள். மன்னார் வங்காலைப் பக்கம் பூநாரை வந்திருக்கும், ஜீப்பும் தேவையில்லை.

நாங்கள் பாலைப்பழத்துக்கு வில்பத்துப் போக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஜீப்புக்கு ஆறு பேர், இப்போது நாலு பேர் சேர்ந்தாயிற்று. முதல் பெயர் கொடுத்தது சாச்சா. வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.