“தரம் 5” ஏன் “தாம் 5” ஆனது?

வீட்டு வேலையைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால், போனில் படம் எடுத்து எழுத்தாக மாற்றி வட்ஸ்அப் குழுவில் போடும் பெற்றோர் இப்போது கூடிவிட்டார்கள். போன வாரம் அப்படி ஒன்று வந்தது: “தாம் 5 பிள்ளைகள் அரசமரம் வரைந்து வரவும்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறு. அதே ர மற்ற மூன்று சொற்களிலும் சரியாக வந்திருக்கிறதே!

அச்சில் ர-வுக்கு அடியில் ஒரு சாய்கோடு உண்டு, அரவுக்கு இல்லை. கையால் வேகமாக எழுதும்போது அந்தக் கோடு போய்விடும். ஓலைச்சுவடிகளிலும் இரண்டும் ஒன்றுபோலவேதான் இருந்தன. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மென்பொருள் ஒவ்வொரு வடிவத்துக்கும் “ர ஆக இருக்கலாம், அரவாக இருக்கலாம்” என்று இரண்டையும் மதிப்பெண்ணோடு வைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்க்கிறது.

“அரச” என்பதில் வேலை சுலபம். அ உயிரெழுத்து, அதற்கு அரவு வராது. ஆகவே ர. “வரைந்து” என்பதில் அந்த வடிவத்துக்கு முன்னால் ஐகாரக் குறி நிற்கிறது. அடுத்து ஒரு மெய் வந்தே ஆகவேண்டும், அதனால் அதுவும் ர. “மரம்” என்பதை எழுத்து விதி காப்பாற்றாது, ஆனால் “மாம்” என்று சொல் இல்லை. “தரம்” அப்படியல்ல. “தாம்” நல்ல தமிழ்ச் சொல், பல இடங்களில் வருவது. பின்னால் 5 என்ற எண் நிற்பதைக் கவனித்திருந்தால் பிடித்திருக்கும். சொல்லுக்குள் மட்டும் பார்க்கிற மென்பொருள் அதைக் காணாது.

மூன்று சுழி ண, இரண்டு சுழி ன கதையும் இதுதான். அவசரத்தில் ஒரு சுழி கரைந்தால் இரண்டும் ஒன்று. புள்ளி வைத்த எழுத்துக்குப் பின் ட வந்தால் ண் (வண்டி), ற வந்தால் ன் (கன்று). மணம், மனம் என்றால் முழு வசனமும் வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர்களில்தான் பெரிய சிக்கல். முனவ்வரா, முணவ்வரா என்று எந்த விதியும் சொல்லாது, சொற்பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்காது.

இன்னொன்று, ஆசிரியர்களுக்கு. பிள்ளை “மனல்” என்று பிழையாக எழுதினால் மென்பொருள் சுற்றுப்புறத்தைப் பார்த்து “மணல்” என்று திருத்திக் காட்டிவிடும். நாம் கண்டுபிடிக்கவேண்டிய பிழையே மறைந்துபோகும். சொல்வதெழுதலைத் திருத்தும்போது போனில் வந்த எழுத்தை வைத்துப் புள்ளி போடாதீர்கள், கொப்பியையே வாங்கிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் என்றால் பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொரு சுழியாக ஒப்பிடுங்கள்.