உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க வாட்சில் Move, Stand இலக்கை எவ்வளவு வைக்கணும்?

1/ ஓ.பி.யில் இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "டாக்டர், வாட்ச் வாங்கிட்டேன், ஆனா வளையம் ஒருநாளும் முடிய மாட்டேங்குது." பெரும்பாலும் பிரச்சினை உங்க காலில் இல்லை, வச்ச இலக்கில்தான். ஆப்பிள் வாட்சை வச்சு சொல்றேன். மத்த வாட்சிலும் இதே கணக்குதான், கலோரிக்குப் பதிலா ஸ்டெப்ஸ்னு வச்சுக்குங்க.

2/ ஒரு உதாரணம். காரைக்கால்ல ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கார், 46 வயசு, 82 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில். வாட்ச் வாங்கின அன்னைக்கே உற்சாகத்தில் Move 520, Stand 12னு வச்சார். மூணாவது வாரம் வாட்ச் மேசை டிராயருக்குள்ள போயிடுச்சு.

3/ அவர்கிட்ட நான் சொன்னது: ஒரு வாரம் இலக்கைப் பார்க்காம வாட்சை மட்டும் கட்டுங்க, வழக்கம்போல இருங்க. திங்கள்லேர்ந்து ஞாயிறு வரை வந்த Move கலோரி: 210, 245, 190, 260, 230, 310, 150. சனிக்கிழமை 310, அன்னைக்குக் குடும்பத்தோட அரசலாறு ஓரமா கடற்கரை வரை நடந்திருக்கார். ஞாயிறு வீட்டிலேயே 150.

4/ இதைச் சிறுசுலேர்ந்து பெருசா அடுக்குங்க: 150, 190, 210, 230, 245, 260, 310. நடுவில் இருக்கிறது 230. சராசரி எடுக்காதீங்க, ஒரே ஒரு கடற்கரை நாள் அதை ஏத்திவிட்டுடும். நடு எண்ணோட பத்து சதவீதம் சேர்த்தா சுமார் 250. இதுதான் முதல் இலக்கு.

5/ ஏன் 520 வேலைக்கு ஆகலை? அவர் எடைக்கு, வேகமா நடந்தா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3.4 கலோரி. 230லேர்ந்து 250க்குப் போக 6 நிமிஷ நடை போதும். 520க்குப் போக தினமும் 85 நிமிஷம் கூடுதலா நடக்கணும். வேலை முடிஞ்சு, பிள்ளைங்களை டியூஷன்ல விட்டுட்டு வர்ற மனுஷனுக்கு அது எங்க கிடைக்கும்?

6/ அந்தக் கலோரி எண்ணைத் துல்லியம்னு நம்பிடாதீங்க. 2017ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதிச்சப்போ, இருக்கிறதிலேயே நல்ல கருவிகூட கலோரியில் சராசரியா 27 சதவீதம் தவறியது. நேத்தைய உங்களோட இன்னைக்கு உங்களை ஒப்பிட மட்டும் இது உதவும். "250 எரிச்சுட்டேன், ரெண்டு பரோட்டா சாப்பிடலாம்"ங்கிற கணக்கு செல்லாது. ஹெல்த் பக்கத்தில் உங்க எடை சரியா இருக்கான்னும் பாருங்க. அது தப்பா இருந்தா எல்லாமே தப்பு.

7/ அடுத்து Stand. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு நிமிஷமாவது எழுந்து நடமாடினா ஒண்ணு. எழுந்து கைகட்டி நின்னா பல நேரம் ஏறாது, கை அசையணும். முதல் 50 நிமிஷம் உட்கார்ந்தே இருந்தா வாட்ச் நினைவூட்டும்.

8/ நம்மாளுக்குத் தினமும் எட்டு வந்துச்சு. 12 வேண்டாம், 9 வைங்கன்னேன். கீழே 6 வரைக்கும் குறைக்கலாம். ஆனா எந்த ஒண்ணைக் கூட்டணும்ங்கிறதுதான் முக்கியம். அவருக்கு விட்டுப்போனது மதியம் 2லேர்ந்து 5 வரை. சோறு சாப்பிட்டு அப்படியே நாற்காலியில்.

9/ சாப்பாட்டுக்குப் பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம். 2012ல் ஆஸ்திரேலியாவில் அதிக எடை உள்ள 19 பேரிடம் பார்த்தாங்க: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 நிமிஷம் மெதுவா நடந்தப்போ, தொடர்ந்து உட்கார்ந்ததைவிட உணவுக்குப் பிந்தைய சர்க்கரை குறைஞ்சது. சின்ன ஆய்வுதான். ஆனா மதியம் 3 மணிக்குத் தண்ணி பாட்டிலை நிரப்ப நடந்து போக இந்தக் காரணம் போதும்.

10/ ஒரு ஏமாத்து வேலையும் உண்டு. 2:58க்கு எழுந்து 3:02க்கு உட்கார்ந்தா ரெண்டு மணி நேரக் கணக்கும் விழுந்துடும். அதுக்கப்புறம் 4:55 வரை அசையாம இருக்கலாம். வளையம் முழுசா இருக்கும், உடம்புக்கு ஒண்ணும் கிடைக்காது. அதனால நினைவூட்டல் வந்ததும் எழுந்திடுங்க.

11/ எப்போ கூட்டுறது? ரெண்டு வாரம் பாருங்க. வாரத்தில் 5 நாள் முடிஞ்சா இன்னும் பத்து சதவீதம். 3 நாளுக்கும் கீழேன்னா குறைங்க. Activity செயலியில் Change Goals. watchOS 11லேர்ந்து கிழமைவாரியாவும் வைக்கலாம்: சனிக்கு 300, ஞாயிறுக்கு 180. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை நடை நின்னுபோனா இலக்கைக் குறைங்க, வாட்சைக் கழட்டாதீங்க.

12/ நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்கல், சர்க்கரை உள்ளவங்களுக்குக் காலில் ஆறாத புண் இருந்தா முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க. இலக்கை அதுக்கப்புறம் பேசிக்கலாம்.