அழைப்பு யாருக்கோ, நுழைவதும் அவர் பெயரில்தான்



எங்கள் குந்தாரப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இப்போது ஓசூர் கம்பெனி நேர்காணல் செல்போனிலேயே நடக்கிறது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், டிப்ளமோ முடித்தவள், சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை அண்ணனோடு வந்தாள். "நாளைக்குப் பத்தரைக்கு இன்டர்வியூ சார். மெயில்ல Yes கொடுத்துட்டேன்" என்றாள்.

Yes என்பது "வருகிறேன்" என்ற பதில் மட்டும்தான் அம்மா. கூட்டத்துக்குள் போக அந்த அழைப்பிலேயே இருக்கும் இணைப்பைத் தட்ட வேண்டும்.

அவளிடம் இருப்பது பட்டன் போன். மெயிலை பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு, இணைப்பை மட்டும் அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தாள். தட்டிப் பார்க்கச் சொன்னேன். முந்தின நாளே தட்டினாலும் தவறில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தாதவரை உள்ளே போக மாட்டோம். கூகுள் மீட் திறந்தது. திரையில் அண்ணனின் பெயர், கீழே Ask to join. அதாவது, கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்க வேண்டும். கம்பெனிக்காரர் பட்டியலில் இல்லாத ஓர் ஆண் பெயரைப் பார்த்தால் உள்ளே விடுவாரா? யாரோ என்று ஒதுக்கிவிடலாம்.

தீர்வு எளிது. அண்ணன் போனின் செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் அவளுடைய ஜிமெயிலைச் சேர்த்தோம். சரிபார்ப்பு எண் அவளுடைய பட்டன் போனுக்குத்தான் வந்தது. அதனால் இந்த வேலையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைக்கக் கூடாது. பிறகு வாட்ஸ்அப் இணைப்பை விட்டுவிட்டு, கூகுள் காலண்டரில் அவள் கணக்கில் இருந்த அழைப்பைத் திறந்து Join with Google Meet தட்டினோம். இப்போது அவள் பெயர், கீழே வெறும் Join.

மைக், கேமரா அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு முறை மறுத்தால் மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் Permissions பகுதிக்குப் போய்த்தான் திறக்க வேண்டும்.

ஜூம் அழைப்பாக இருந்து, போனில் செயலி இல்லையென்றால், இணைப்பைத் தட்டியதும் வரும் பக்கத்தில் Join from your browser என்ற வரியைத் தேடுங்கள். கூட்டம் நடத்துபவர் அனுமதித்திருந்தால்தான் அது தெரியும். அங்கே பெயரை நாமே தட்டச்சு செய்வதால், மனுவில் உள்ளபடியே எழுத வேண்டும். அந்த வரி இல்லையென்றால் செயலியை முந்தின இரவே இறக்கிவிடுங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஊரில் சந்தை. இரைச்சலுக்கு இயர்போன் மாட்டிக்கொண்டு பத்து இருபத்தைந்துக்கு Join தட்டினாள். யாரும் கதவு திறக்கக் காத்திருக்கவில்லை. கேள்விகள் முடிந்து வந்தவள், "பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க சார்" என்றாள்.