புரூப்பில் முளைத்த சேவல் இறகு

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுப் பாகாயத்திலுள்ள நம் வீட்டுக்குத் திரும்பியபோது, கூடத்து மேஜையின்மேல் கனத்த தபால் கட்டு ஒன்று காத்திருந்தது. பிரித்துப் பார்த்தோம். நாம் எழுதிய சிறு புத்தகத்தின் புரூப் தாள்கள்! நாற்பது வயதைத் தாண்டிய உபாத்தியாயருக்கு முதல் புத்தகத்தின் புரூப் வருவதென்றால் என்ன சந்தோஷம் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். காப்பி ஆறிப் போயிற்று. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனோம். 67-ஆம் பக்கத்துக்கு வந்ததும் சந்தோஷமும் ஆறிப் போயிற்று.

புத்தகம் 1806-ஆம் வருஷத்து வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சியைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களை உத்தேசித்து எழுதியது. அந்த வருஷம் ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் நிகழ்ந்ததை எல்லோரும் ஓரளவு அறிவார்கள். அதற்குக் காரணங்கள் பல. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்களைச் சொல்வாருண்டு. சம்பளக் குறைவைச் சொல்வாருண்டு. ஆனால் உடனடியாகத் தீ மூட்டியது என்னவோ உடையைப் பற்றிய உத்தரவுதான். சென்னைப் படையின் பிரதம சேனாதிபதி ஸர் ஜான் கிரடாக் காலத்தில், புதிய மாதிரித் தலைப்பாகை ஒன்றை அணிய வேண்டும் என்றும், முகத்தில் சாதிக் குறி இடலாகாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையைச் சுத்தமாக மழிக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் விதிகள் பிறந்தன. இந்த உத்தரவையும் தலைப்பாகையின் வர்ணனையையும் நம் சொந்த வார்த்தையில் கூறாமல், ஆங்கில மூலத்திலிருந்து அப்படியே எடுத்துக் காட்ட விரும்பினோம். மேற்கோள்களையெல்லாம் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள், எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒரே நடையில் தமிழாக்கிவிடுவார் என்று பிரசுராலயத்தார் எழுதியிருந்தார்கள். நாமும் அவ்வாறே அனுப்பினோம்.

அந்த மேற்கோள்தான் 67-ஆம் பக்கத்தில் புது உருவம் எடுத்து வந்திருந்தது. மூலத்தில் தலைப்பாகையில் இருந்தது தோலாலான ஒரு 'காக்கேட்'. அதாவது, படைவீரர் தொப்பியிலோ தலைப்பாகையிலோ முன்பக்கம் பதித்துக்கொள்ளும் பூப் போன்ற சின்னம். அச்சிலோ, 'தோல் வாரில் செருகிய சேவல் இறகு' என்று இருந்தது! அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பிரெஞ்சு மூலத்தில் சேவல் இருப்பது மெய்தான். மொழிபெயர்ப்பாளர் அகராதியில் சொல்லின் பிறப்பைப் பார்த்தாரே தவிரப் பொருளைப் பார்க்கவில்லை போலும்.

வேடிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் நாம் இருக்கும் ஊரை எண்ணிப் பார்த்தோம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள். நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோலினால்தான் சோறு. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எந்தப் பிள்ளையாவது எழுந்து, "ஸார், அது என்ன தோல்? மாட்டுத் தோலா?" என்று கேட்பது வழக்கம். சிப்பாய்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பசுவின் தோலோ என்று ஹிந்துச் சிப்பாய் அஞ்சினார். பன்றியின் தோலோ என்று முஸ்லிம் சிப்பாய் அஞ்சினார். இருவரையும் ஒரே மனக்கொதிப்பில் சேர்த்தது நெற்றிக்கு மேலே அமர்ந்த அந்தத் தோல் சின்னம். அதை எடுத்துவிட்டுச் சேவல் இறகைச் செருகினால், இறகுக்குப் பயந்தா கோட்டையைப் பிடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் என்ன பதில் சொல்வது?

இன்னொரு பிழை இதைவிட நயமானது. மேலுதட்டு ரோமத்தின் அளவும் அமைப்பும், இயன்ற வரையில், எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. 'யூனிஃபார்மிட்டி' என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் 'ஒரேயடியாக' என்று கொண்டார். 'இயன்ற வரையில்' என்பதை விட்டார். முடிவில், மீசையை ஒரேயடியாக மழித்துவிட வேண்டும் என்று ஆயிற்று. இதை மூலத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கலாம். 71-ஆம் பக்கத்தில் நாமே, மீசைகள் ஒரு மாதிரியாகக் கத்தரிக்கப்பட்டன என்று எழுதியிருக்கிறோம். 67-இல் மழித்த மீசை 71-இல் எப்படி முளைக்கும்? மேற்கோளுக்கு நாலு பக்கம் முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் இத்தகைய பிழைகள் பெரும்பாலும் தாமே அகப்பட்டுவிடும். அதைவிட உறுதியான சோதனை ஒன்றுண்டு. தமிழை வைத்துக்கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். மூலத்திலிருந்த ஒவ்வொரு நிபந்தனையும் திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும்; அழகு திரும்பி வர வேண்டியதில்லை.

அன்றிரவே உட்கார்ந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினோம். அதில் தமிழ்நாட்டின் மானம் வந்தது, பிரசுர உலகத்தின் சீர்கேடு வந்தது, மெக்காலே கூட வந்தார். 67-ஆம் பக்கம் மட்டும் மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. நம் இல்லத்தரசி அதை வாங்கிப் படித்தார். "என்னங்க, இதைப் படிக்கிறவர் எந்த வரியைத் திருத்தணும்னு இதில் எங்கே இருக்கு?" என்றார். நாம் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம்.

மறுநாள் மூலத்தின் நகலை இணைத்து அனுப்பலாம் என்று நூல் நிலையத்துக்குப் போய், கர்னல் வில்ஸன் 1880-களில் வெளியிட்ட சென்னைப் படையின் சரித்திரத்தை எடுத்தோம். அங்கேதான் நமக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சிப்பாய் முகத்தில் சாதிக் குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது என்ற விதியை அடுத்து, சீருடை தரித்திருக்கும்போது என்ற வரையறை இருக்கிறது. நம் கையெழுத்துப் பிரதியில் அது இல்லை! நாம் மேற்கோளை எடுத்தது மூலத்திலிருந்து அல்ல, கல்லூரி நாளில் ஒரு பாடப் புத்தகத்திலிருந்து எழுதி வைத்த குறிப்பிலிருந்து. குறிப்பில் அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. தட்டெழுதும்போது அப்புள்ளிகளும் போய்விட்டன. ஆக, 'சிப்பாய்கள் சாதிக் குறி அணிவது தடுக்கப்படுகிறது' என்று மொழிபெயர்ப்பாளர் எழுதியது அவர் குற்றமன்று, நம்முடையது.

அந்த வரையறையைச் சேர்க்கலாமா என்று ஒரு கணம் தயங்கினோம் என்பதை மறைப்பானேன்? தேசபக்தி மிகுந்த புத்தகம். வரையறை இல்லாவிட்டால் கும்பெனியாரின் கொடுமை இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் வீட்டில் விபூதி பூசுவதைத் தடுத்தார்கள் என்று நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதினால், அது சரித்திரமாகாது. மேலும், வரையறையினால் உத்தரவின் கொடுமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அணிவகுப்பிலும் காவலிலும் சிப்பாய் சீருடையில்தான் நின்றார். தம் பட்டாளத்தார் அத்தனை பேரும் பார்க்க, வெறும் நெற்றியோடு நிற்க வேண்டியிருந்தது. எழுச்சி அடங்கிய ஜூலை மாதத்திலேயே உடை உத்தரவுகள் ரத்தாயின. 1807-இல் கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். இதற்கு நம் மூன்று புள்ளிகளின் உதவி தேவையே இல்லை.

இங்கே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் ஆங்கில ஆசிரியர்களையும் சர்க்கார் அறிக்கைகளையும் ஏராளமாக மேற்கோள் காட்டினார்; எல்லாவற்றையும் ஜெர்மன் பாஷையில் ஆக்கித் தந்திருந்தார். 1887-இல் அந்நூலின் ஆங்கிலப் பதிப்பு வெளிவருமுன், ஜெர்மனிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்காமல், அவருடைய மகள் எலினார் மூல நூல்களைத் தேடிப் பிடித்து அசல் வாசகங்களையே திரும்ப வைத்தார். தேடியும் அகப்படாதவை மிகச் சிலவே. நாமோ நூல் நிலையத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செலவழிக்கச் சோம்பியிருந்தோம்.

இரண்டாம் கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்தது. சாரம் இது:

"அன்புடையீர், வணக்கம். புரூப் தாள்கள் கிடைத்தன. 67-ஆம் பக்கத்து மேற்கோளில் மூன்று திருத்தங்கள் அவசியம். முதலாவது, 9-ஆம் வரியில் 'தோல் வாரில் செருகிய சேவல் இறகு' என்பதை 'தோலாலான சின்னம்' என்று மாற்றுக. இரண்டாவது, 14-ஆம் வரியில் மீசையைப் பற்றிய வாக்கியத்தை, இணைத்துள்ள தாளில் கண்டவாறு மாற்றுக. இவ்விரண்டும் மொழிபெயர்ப்பில் நேர்ந்தவை. மூன்றாவது, 11-ஆம் வரியில் 'சீருடை தரித்திருக்கும்போது' என்ற சொற்களைச் சேர்க்க. இது எம் பிரதியில் விடுபட்டது, பொறுப்பு எம்முடையது. மூலப் பக்கத்தின் நகலும் இணைத்துள்ளோம். திருத்திய பக்கத்தை மறுபடி பார்த்த பின்னரே ஐந்தாம் பாரத்தை அச்சுக்கு விடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மற்றப் பாரங்களில் ஆட்சேபம் இல்லை. இங்ஙனம்..."

ஐந்தாம் பாரம் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் புத்தகம் 144 பக்கம். பதினாறு பக்கம் கொண்டது ஒரு பாரம் என்ற கணக்கில் ஒன்பது பாரங்கள். 65 முதல் 80 வரை ஐந்தாவது. அது அச்சாகிவிட்டால், ஒரு வரிக்காகப் பதினாறு பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். இல்லையேல் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பிழைதிருத்தச் சீட்டைப் படித்துவிட்டுப் பாடம் படிக்கும் மாணவனை நாம் இதுவரை கண்டதில்லை. புத்தகம் முழுவதையும் நிறுத்துங்கள் என்று கூச்சலிட்டால் ஒன்றும் நிற்காது. ஒரு பாரத்தை மட்டும் நிறுத்தச் சொன்னால் நிற்கும்.

இன்னொரு சங்கடம் பாக்கி இருந்தது. திருத்தங்களால் மேற்கோள் இரண்டு வரி நீண்டது. அப்படியே விட்டால் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, அத்தியாயம் முடியும் வரை இந்தத் தள்ளுமுள்ளு. பொருளகராதியின் பக்க எண்களும் பொய்யாகும். ஆகவே அதே பக்கத்தில் இரண்டு வரி குறைக்க வேண்டும். கோட்டை அகழியில் நிலவு விழுந்ததைப் பற்றி நாம் உருகி உருகி எழுதியிருந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டோம். அன்றிரவு நிலவு எப்படியிருந்தது என்பதற்கு ஆதாரம் ஏதும் நம்மிடம் இருக்கவுமில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. திருத்திய 67-ஆம் பக்கம் ஒற்றைத் தாளாக இணைந்திருந்தது. சேவல் பறந்து போயிருந்தது, மீசை முளைத்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் தம் கைப்பட ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்: படைத்துறைச் சொற்களுக்குத் தம்மிடம் நல்ல அகராதி இல்லை, இனி ஐயம் வந்தால் எம்மையே கேட்கலாமா என்று. தாராளமாக என்று எழுதினோம். பிரசுராலயத்தார் மட்டும் கணக்கில் கண்டிப்பானவர்கள். முதல் இரண்டு திருத்தங்களும் தங்கள் செலவு என்றும், மூன்றாவது ஆசிரியர் திருத்தமாதலால் அதற்குரிய சிறு தொகையை எம் ராயல்டியில் கழித்துக்கொள்வதாகவும் தெரிவித்திருந்தார்கள். சம்மதம் என்று கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தோம்.